அடுக்கில் மறைந்த எண்ணும் ஏற்கத்தகாத மூலமும்

இரு கம்பங்களுக்கிடையே தொங்கும் கம்பியின் வளைவை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் வடிவம் யாது என்னும் வினா நெடுங்காலம் அறிஞர்களை மயக்கி வந்தது. 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் கலிலியோ, தொங்கும் சங்கிலியின் வடிவம் பரவளைவை மிகவும் ஒத்திருப்பதாக எழுதினார். அது பரவளைவு அன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. 1690-இல் யாக்கோபு பெர்னூலி இவ்வினாவை அறிஞர் உலகின்முன் வெளிப்படையாக வைத்தார். அடுத்த ஆண்டில் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யாக்கோபின் தம்பி யோகான் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர். அவர்கள் கண்ட வளைகோட்டைச் சங்கிலி வளைகோடு என்று வழங்குவோம்.

இக்கோட்டின் சமன்பாட்டில் அறிய வேண்டிய எண் அடுக்கில் அமைந்திருக்கிறது. ஆகவே, "இக்கம்பி இன்ன உயரத்தில் இருப்பது எவ்விடத்தில்?" என்று கேட்டவுடன் நாம் அடுக்குக்குறிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டியவர்களாகிறோம். அச்சமன்பாட்டை ஓர் எளிய பதிலீட்டால் இருபடிச் சமன்பாடாக மாற்றிவிடலாம். ஆனால் இருபடிச் சமன்பாடு இரண்டு மூலங்களைத் தருவது. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். தள்ளத்தக்கதைக் கொள்வதும் பிழை. கொள்ளத்தக்கதைத் தள்ளுவதும் பிழையே. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை முதலில் சிறிய எண்களைக் கொண்டு ஆராய்ந்து, பின்னர் தொங்கும் கம்பிக்குத் திரும்புவோம்.

பதிலீடு

4ˣ − 7·2ˣ − 8 = 0 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். 4 என்பது 2-இன் வர்க்கம். ஆதலால் 4ˣ என்பது 2ˣ-இன் வர்க்கமே ஆகும். 2ˣ = y என்று கொண்டால், 4ˣ என்பது y² ஆகிறது. சமன்பாடு பின்வரும் வடிவத்தைப் பெறுகிறது:

y² − 7y − 8 = 0

இதனை (y − 8)(y + 1) = 0 எனக் காரணிப்படுத்தலாம். எனவே y = 8 அல்லது y = −1. முதல் மூலத்தினின்று 2ˣ = 8, அதாவது x = 3 எனப் பெறுகிறோம். மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 64 − 56 − 8 = 0; விடை சரியே.

இனி இரண்டாவது மூலத்தை நோக்குவோம். 2ˣ = −1 ஆகுமாறு x-க்கு ஏதேனும் மதிப்பு உண்டா? x-ஐ 3, 2, 1, 0 என ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தால் 2ˣ என்பது 8, 4, 2, 1 எனப் பாதி பாதியாகக் குறைகிறது. மேலும் குறைத்து −1, −2, −3 என்று சென்றாலும் அது ½, ¼, ⅛ என்று பாதியாகிக்கொண்டே போகிறது. x = −10 என்னும்போது அது 1/1024. ஒரு மிகை எண்ணை எத்துணை முறை பாதியாக்கினாலும் எஞ்சுவது மிகை எண்ணே. அது பூச்சியத்தை அணுகுமேயன்றி அடையாது. பூச்சியத்தைக் கடந்து குறை எண்ணாகவும் ஆகாது. x பின்னமாக இருப்பினும் இதுவே நிலை. 2-இன் ½ அடுக்கு என்பது 2-இன் மிகை வர்க்கமூலத்தையே குறிக்குமென்று வரையறுத்துள்ளோம். ஆகவே x எந்த மெய்யெண்ணாயினும் 2ˣ மிகை எண்ணாகவே இருக்கும். y = −1 என்பதை ஏற்பதற்கில்லை.

அங்ஙனமாயின் இந்த −1 எங்கிருந்து வந்தது? கணக்கில் எங்கேனும் பிழை நேர்ந்ததா? இல்லை. y² − 7y − 8 என்பதில் −1-ஐ இட்டால் 1 + 7 − 8 = 0 என்றே வருகிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு −1 உண்மையான மூலமேயாகும். ஆனால் நாம் இருபடிச் சமன்பாட்டை எழுதியபோது, y என்பது 2ˣ-இன் பெயர் என்னும் செய்தியை அச்சமன்பாட்டினுள் எழுதவில்லை. அச்செய்தியை அறியாத இருபடிச் சமன்பாடு, எல்லா எண்களிலும் தேடித் தனக்குரிய விடைகளைத் தருகிறது. நமது வினாவோ மிகை எண்களைப் பற்றியது மட்டுமே. எனவே, பதிலீடு செய்யும் வரியிலேயே "2ˣ = y, y > 0" என்று எழுதிவைப்பது நல்ல வழக்கமாகும். அந்த நிபந்தனையை மறவாதிருந்தால், −1-ஐத் தள்ளுவதற்குரிய காரணம் நம் கண்முன்னேயே இருக்கும்.

பூச்சியமும் இவ்வாறே தள்ளத்தக்கது. 4ˣ − 3·2ˣ = 0 என்பதில் y(y − 3) = 0 எனக் கிடைக்கிறது. y = 0 என்பது குறை எண் அன்று; எனினும் 2ˣ ஒருபோதும் பூச்சியமாகாது. ஆகவே y = 3 மட்டுமே நிற்கிறது. 3 என்பது 2-இன் முழு அடுக்காக இல்லாமையால் மடக்கை அட்டவணையின் துணையை நாட வேண்டும்: x = 0.4771 ÷ 0.3010, ஏறத்தாழ 1.585.

தவறாகத் தள்ளப்படும் மூலம்

மேற்கூறியவற்றைக் கற்ற மாணாக்கர் பலர், "குறை எண் வந்தால் தள்ளிவிட வேண்டும்" என்று விதியைச் சுருக்கி மனத்திற் கொண்டுவிடுகின்றனர். அச்சுருக்கமே வேறொரு பிழைக்கு வித்தாகிறது. பின்வரும் சமன்பாட்டைக் காண்க:

2²ˣ⁺¹ − 9·2ˣ + 4 = 0

இங்கே முதல் உறுப்பில் சிறிது கவனம் வேண்டும். அடுக்குகளைக் கூட்டுவது எண்களைப் பெருக்குவதாகும். ஆதலால் 2²ˣ⁺¹ என்பது 2²ˣ × 2, அதாவது 2y². இதனை y² + 1 என்று எழுதுவோர் உளர். அவர்கள் தீர்ப்பது வேறொரு சமன்பாடேயன்றி இச்சமன்பாடன்று. முறையாக எழுதின்,

2y² − 9y + 4 = 0

(2y − 1)(y − 4) = 0

y = ½ அல்லது y = 4. இரண்டும் மிகை எண்களே. எனவே இரண்டையும் ஏற்கவேண்டும். y = 4 எனில் x = 2; y = ½ எனில் x = −1. இந்த இடத்தில் −1-ஐக் கண்டவுடன் பலர் அதனை அடித்துவிடுகின்றனர். ஆனால் மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்போம். x = −1 எனில் 2²ˣ⁺¹ = ½; 9·2ˣ = 4½; ½ − 4½ + 4 = 0. விடை முற்றிலும் பொருந்துகிறது. x = 2 எனில் 32 − 36 + 4 = 0; அதுவும் பொருந்துகிறது.

முதற் கணக்கில் −1-ஐத் தள்ளினோம்; இரண்டாவது கணக்கில் அதே −1-ஐக் கொண்டோம். முரண்பாடு ஏதுமில்லை. முன்னது y-இன் மதிப்பு. பின்னது x-இன் மதிப்பு. மிகையாக இருக்க வேண்டுமென்னும் கட்டுப்பாடு y-க்கே உரியது. அடுக்காக நிற்கும் x மிகையாகவோ, குறையாகவோ, பூச்சியமாகவோ இருப்பதற்கு எத்தடையுமில்லை. y ஒன்றைவிடப் பெரிதாயின் x மிகை. Y ஒன்றாயின் x பூச்சியம். Y பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டதாயின் x குறை. ஆகவே சோதனையை y-இன் நிலையிலேயே முடித்துவிட வேண்டும். x-ஐக் கண்டபின் அதன் குறியை நோக்கி எதனையும் தள்ளுதல் கூடாது.

எத்தனை மூலங்கள் தேறும் என்பதைத் தீர்ப்பதற்கு முன்னரே ஓரளவு அறியலாம். ay² + by + c = 0 என்னும் சமன்பாட்டில் மூலங்களின் பெருக்கம் c/a. அது குறை எண்ணாயின் மூலங்களில் ஒன்று மிகை, மற்றொன்று குறை. எனவே ஒன்றே தேறும். முதற் கணக்கில் அது −8 என்பதை நினைவு கூர்க. பெருக்கம் மிகை எண்ணாயின், மூலங்கள் மெய்யெண்களாக இருக்குமிடத்து, இரண்டும் ஒரே குறியுடையன. அப்பொழுது கூட்டுத்தொகையாகிய −b/a மிகையாயின் இரண்டும் தேறும். குறையாயின் இரண்டுமே தேறா. 4ˣ + 5·2ˣ + 6 = 0 என்பது இறுதி வகையைச் சார்ந்தது. மூன்று மிகை எண்களைக் கூட்டிப் பூச்சியம் பெற முடியாதென்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கும்.

தொங்கும் கம்பி

இனிக் கம்பிக்கு வருவோம். எளிதில் வளையக்கூடியதும், நீளம் முழுவதும் ஒரே எடையுடையதுமான கம்பி, சம உயரமுள்ள இரு கம்பங்களினின்று தொங்குகிறது என்க. மிகத் தாழ்ந்த புள்ளியினின்று கிடையாக x மீட்டர் தொலைவில் கம்பியின் உயரம்

h = (a/2)(eᶻ + e⁻ᶻ), இங்கு z = x/a

என்னும் சமன்பாட்டால் குறிக்கப்படும். e என்பது ஏறத்தாழ 2.718 மதிப்புள்ள எண். a என்பது கம்பியின் கிடை இழுவிசையை அதன் ஒரு மீட்டர் எடையால் வகுத்து வரும் நீளம். h என்பது தரையினின்று அளக்கப்படுவதன்று. தாழ்ந்த புள்ளிக்குக் கீழே a தொலைவில் உள்ளதாகக் கருதப்படும் கிடைக்கோட்டினின்று அளக்கப்படுவது. ஆகவே தாழ்ந்த புள்ளியில் h = a.

கம்பங்களின் இடைவெளி 100 மீட்டர் என்றும், a = 200 மீட்டர் என்றும், தாழ்ந்த புள்ளி சமதரையினின்று 6 மீட்டர் உயரத்தில் உள்ளதென்றும் கொள்வோம். கம்பத்தருகே x = 50, z = 0.25, கணக்கிட்டால் கம்பியின் முனைகள் தாழ்ந்த புள்ளியைவிட 6.28 மீட்டர் உயர்ந்து, தரையினின்று 12.28 மீட்டரில் இருக்கும். கம்பியின் அடியாக உயர்ந்த பாரமேற்றிய வண்டி ஒன்று செல்ல வேண்டும். பாதுகாப்புக்குரிய இடைவெளியையும் சேர்த்து அதற்கு 8 மீட்டர் உயரம் தேவை. வண்டி எவ்விடத்தில் கடக்கலாகாது?

கம்பி தரையினின்று 8 மீட்டரில், அதாவது தாழ்ந்த புள்ளியைவிட 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடங்களை முதலில் காணவேண்டும். அங்கே h = 202. எனவே eᶻ + e⁻ᶻ = 2.02. eᶻ = y, y > 0 என்க. e⁻ᶻ என்பது 1/y. இருபுறமும் y-ஆல் பெருக்கினால்,

y² − 2.02y + 1 = 0

y பூச்சியமாகாது என்பதை அறிந்துள்ளமையால், y-ஆல் பெருக்குவதில் எத்தீங்கும் இல்லை. தீர்த்தால் y = 1.01 ± √0.0201, அதாவது y = 1.1518 அல்லது y = 0.8682. மூலங்களின் பெருக்கம் 1, கூட்டுத்தொகை 2.02, இரண்டும் மிகை. ஆகவே இரண்டும் தேறுகின்றன. இயல் மடக்கை காணின் முதலாவது z = 0.1413 என்றும், இரண்டாவது z = −0.1413 என்றும் தருகின்றன. 200-ஆல் பெருக்கினால் x = 28.26 மீட்டர், x = −28.26 மீட்டர்.

இங்கே குறைக்குறியின் பொருள் தெளிவானது: அது தாழ்ந்த புள்ளிக்கு இடப்புறம். கம்பி இருபுறமும் ஒத்து உயர்வதால், 8 மீட்டர் உயரம் வலப்புறத்தில் ஒருமுறையும் இடப்புறத்தில் ஒருமுறையும் வருகிறது. இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட 56.52 மீட்டர் அகலத்தில் வண்டி கடக்கலாகாது. ஒவ்வொரு கம்பத்தையும் ஒட்டி 21.74 மீட்டர் அகலமே அதற்குத் திறந்துள்ளது. "x குறை எண், ஆதலால் தள்ளுக" என்று கருதி ஒருவர் வலப்புறத்தில் மட்டும் எல்லைக்கல் நட்டுவிட்டாரென்று கொள்வோம். இடப்புறத்தில் பத்து மீட்டர் தொலைவில் வரும் வண்டியின் பாரம் கம்பியில் சிக்கும். காகிதத்தில் அடிக்கப்பட்ட மூலம் களத்தில் அங்கேயே நிற்கிறது.

வேறொரு வினா: கம்பி தரையினின்று 4 மீட்டரில் இருப்பது எங்கே? h = 198; y² − 1.98y + 1 = 0. வர்க்கமூலத்தினுள் வருவது 3.9204 − 4, ஒரு குறை எண். மெய்யான மூலமே இல்லை. அதன் பொருளும் நேரானதே: 6 மீட்டருக்குக் கீழே கம்பி இறங்குவதில்லை.

குறியை மட்டும் மாற்றுதல் ஆகாது

அதே கம்பியின் சாய்வைப் பற்றி வினவினால் முடிவு வேறாகிறது. வலப்புறம் செல்லச் செல்லக் கம்பி ஏறும் வீதம் ½(eᶻ − e⁻ᶻ) ஆகும். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏறும் இடம் யாது? eᶻ − e⁻ᶻ = 0.4 என்பதினின்று

y² − 0.4y − 1 = 0

y = 0.2 ± √1.04, அதாவது 1.2198 அல்லது −0.8198. மூலங்களின் பெருக்கம் −1. ஆகவே ஒன்றே தேறும் என்பது முன்கூட்டியே தெரிந்ததே. −0.8198-ஐத் தள்ளுகிறோம். 1.2198-இன் இயல் மடக்கை 0.1987; x = 39.74 மீட்டர். இடம் ஒன்றே.

சிலர் இவ்விடத்தில் −0.8198-இன் குறியை நீக்கி 0.8198 என்று கொண்டு, அதன் மடக்கையைக் கண்டு, x = −39.74 என்னும் இரண்டாவது விடையையும் எழுதிவிடுகின்றனர். முந்தைய கணக்கில் விடைகள் இருபுறமும் ஒத்து வந்தமையால் இதுவும் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இடப்புறத்தில் அவ்விடத்தில் கம்பி ஏறவில்லை. அதே வீதத்தில் இறங்குகிறது. அங்கே சாய்வு −0.2. எனவே அந்த விடை வேறொரு வினாவுக்கு உரியது. மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படும்: 0.8198 − 1.2198 = −0.4; நமக்கு வேண்டியது +0.4. ஏற்கத்தகாத மூலத்தைத் தள்ளுவதே முறை; திருத்தி ஏற்பது முறையன்று.

இரண்டாவது சல்லடை

y > 0 என்னும் சோதனையில் தேறிய மூலமும் சில வேளைகளில் பயன்படாது போகலாம். மேற்கண்ட கம்பியடியில் 14 மீட்டர் உயரம் வேண்டும் வண்டி வருகிறதெனக் கொள்வோம். h = 208; y² − 2.08y + 1 = 0. y = 1.3257 அல்லது 0.7543. இரண்டும் மிகை, கணித முறைப்படி இரண்டும் குற்றமற்றவை. x-இன் மதிப்புகள் 56.38 மீட்டரும் −56.38 மீட்டரும் ஆகும். ஆனால் கம்பமோ 50 மீட்டரிலேயே நிற்கிறது. அதற்கப்பால் இக்கம்பி இல்லை. ஆகவே இரண்டையும் விடுகிறோம். அவ்வண்டி இவ்விரு கம்பங்களுக்கிடையே எங்கும் கடக்கவியலாது என்பதே முடிவு. கம்பி கட்டப்பட்டுள்ள உயரமே 12.28 மீட்டர்தான் என்பது இம்முடிவை உறுதிப்படுத்துகிறது.

இவ்விரு வகைத் தள்ளுதலையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதலாவது, அடுக்கின் இயல்பால் எழுவது. அது y-ஐப் பற்றியது. எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானது. இரண்டாவது, நாம் ஆராயும் பொருளின் எல்லையால் எழுவது. அது x-ஐப் பற்றியது. கம்பத்தின் இடம் மாறினால் அதுவும் மாறும். இதே கம்பி நீண்டு 120 மீட்டர் இடைவெளியுள்ள கம்பங்களுக்கிடையே, அதே a மதிப்புடன், அதே தாழ்ந்த உயரத்தில் தொங்கியிருந்தால் கம்பங்கள் 60 மீட்டரில் நிற்கும். இப்போது விட்ட மூலங்களை அப்போது கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் −0.8198 என்னும் மூலத்துக்கு எந்தக் கம்பமும் இடமளிக்காது. ஆதலால் ஒரு மூலத்தைத் தள்ளும்போது, எந்தக் காரணத்தால் தள்ளுகிறோம் என்பதை அதன் அருகிலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பின்னர் நிபந்தனை மாறும்போது எதனைத் திரும்ப நோக்க வேண்டும், எதனை நோக்க வேண்டியதில்லை என்பதை அவ்வரியே காட்டிவிடும்.